கம்பெனிக்கு லீகல் நோட்டீஸ்: யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் அலுவலகத்தில் நோட்டீஸ் தட்டச்சு செய்து, உறை ஒட்டி, தபாலில் சேர்ப்பது பல வருஷமாக என் வேலை. நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் உறையின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் கட்சிக்காரர்கள் குழம்பிப்போய் என்னிடம் வருகிறார்கள், அதுவும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களோடு. அவற்றைத் தொகுத்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் பதிவான கம்பெனிகளுக்கு, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி. வெளிநாட்டுக் கம்பெனி பற்றி ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

கம்பெனி செக்ரட்டரி பேரு தெரியல சார், பேரு இல்லாம நோட்டீஸ் அனுப்பினா செல்லுமா?

செல்லும். நோட்டீஸ் போவது கம்பெனிக்கு, செக்ரட்டரிக்கு அல்ல. சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கம்பெனிக்கோ அதன் அதிகாரிக்கோ ஓர் ஆவணத்தைச் சேர்ப்பிக்க வேண்டுமென்றால் பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலோ ஸ்பீடு போஸ்டிலோ கூரியரிலோ அனுப்பலாம், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், விதிகளில் சொன்ன மின்னணு வழியிலும் அனுப்பலாம். பெயர் கட்டாயம் என்று அதில் எங்கும் இல்லை.

நான் உறையில் எழுதுவது இப்படி: முதல் வரியில் கம்பெனியின் முழுப் பெயர், கடைசியில் ‘பிரைவேட் லிமிடெட்’ அல்லது ‘லிமிடெட்’ உட்பட. அடுத்த வரியில் ‘கவனத்துக்கு: கம்பெனி செக்ரட்டரி / இயக்குநர்கள்’. அதற்குக் கீழே பதிவு அலுவலக முகவரி. பெயர் தெரிந்தால் கவனத்துக்கு என்ற வரியில் சேர்த்துக்கொள்வேன், முதல் வரியில் போட மாட்டேன். தனி ஆள் பெயரை முதலில் போட்டால், அந்த ஆள் வேலையை விட்டிருந்தால் வரவேற்பறையில் ‘அவர் இங்கே இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயரைத் தேடி இரண்டு வாரம் அலைந்து, கடைசியில் முகவரியைத் தப்பாக எழுதியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பதிவு அலுவலகம்னா அவங்க வேலை பார்க்கிற ஆபீஸ் தானே?

பல நேரம் இல்லை. வேலை நடக்கும் இடம் ஒன்று, தொழிற்சாலை வேறொன்று, பதிவு அலுவலகம் ஆடிட்டரின் மாடியறையாகவோ ஒரு டைரக்டரின் வீடாகவோகூட இருக்கும், சில சமயம் வேறு மாநிலத்திலேயே இருக்கும். கம்பெனி ஆரம்பித்த 30 நாளுக்குள் இப்படி ஓர் அலுவலகம் இருக்க வேண்டும், அங்கே வரும் கடிதங்களையும் நோட்டீஸ்களையும் வாங்கிக்கொண்டு ஒப்புகை தரக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது நோட்டீஸ் வாங்குவதற்கென்றே சட்டம் வைத்திருக்கிற முகவரி அது.

இதே பிரிவு, கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் என்கிற அடையாள எண், தொலைபேசி, இமெயில் எல்லாம் அவர்களுடைய கடிதத்தாளிலும் பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. அதனால் முதலில் உங்களிடம் இருக்கும் பழைய பர்ச்சேஸ் ஆர்டர், ஆஃபர் லெட்டர், பில் இவற்றின் அடிவரியைப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘ரெஜிஸ்டர்டு ஆபீஸ்’ என்று இருக்கும். மேலே பெரிதாக இருப்பது பெரும்பாலும் கிளை முகவரி, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

அந்த முகவரி இப்பவும் சரியானு எங்கே பார்க்கிறது?

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளமான mca.gov.in போய் View Company/LLP Master Data என்பதைத் தேடுங்கள். லாகின் கேட்டால் கணக்கு தொடங்கிக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை. கம்பெனிப் பெயரையோ சிஐஎன்னையோ கொடுத்தால் பதிவு அலுவலக முகவரி, கம்பெனி கொடுத்த இமெயில், இயக்குநர்கள் பட்டியல், கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்ற நிலை எல்லாம் வரும்.

அந்தப் பக்கத்தை நோட்டீஸ் அனுப்பும் அதே நாளில் பிரின்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி. நாளைக்கு ‘நாங்கள் அங்கே இல்லை’ என்று அவர்கள் சொன்னால், அன்றைக்கு அரசுப் பதிவேட்டில் இருந்த முகவரி இதுதான் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். பதிவு அலுவலகம் மாறினால் 30 நாளுக்குள் INC-22 படிவத்தில் பதிவாளருக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு உங்கள்மேல் பழி போடுவது அவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.

எனக்கு கடைப் பெயர், ஆப் பெயர் தான் தெரியும். கம்பெனி பேரே தெரியலயே?

பிராண்ட் பெயர் கம்பெனிப் பெயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதை gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டால் சட்டப்படியான பெயர் வரும். ஆப் என்றால் அதன் நிபந்தனைகள் பக்கத்தைத் திறந்து கடைசிவரை படியுங்கள், எந்தக் கம்பெனி நடத்துகிறது என்று அதில் எழுதியிருப்பார்கள். உங்களுக்குப் பணம் வந்திருந்தால் வங்கி ஸ்டேட்மென்டில் அனுப்பியவர் பெயரும் ஒரு துப்பு.

அப்படித் தேடும்போது ஒரே மாதிரி பெயரில் மூன்று நான்கு கம்பெனி வரும், குழுமமாக இருந்தால் இன்னும் மோசம். அப்போது சிஐஎன்தான் கை கொடுக்கும். அதில் 21 எழுத்துகள்:

```
U72200KA2016PTCxxxxxx
```

முதல் எழுத்து U என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடாதது, L என்றால் பட்டியலிட்டது. அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை. KA என்பது மாநிலம், 2016 பதிவான ஆண்டு, PTC என்றால் பிரைவேட் கம்பெனி, PLC என்றால் பப்ளிக். கடைசி ஆறும் பதிவு எண். உங்கள் ஒப்பந்தம் 2014இல் கையெழுத்தானது, தேடலில் வந்த கம்பெனியோ 2016இல் பதிவானது என்றால் அது வேறு கம்பெனி, அங்கே அனுப்பாதீர்கள்.

சரி, செக்ரட்டரி பேரு வேணும்னே வேணும்னா எங்கே கிடைக்கும்?

பட்டியலிட்ட கம்பெனி என்றால் ஐந்து நிமிட வேலை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி அங்கே தகுதிபெற்ற கம்பெனி செக்ரட்டரி ஒருவர் இணக்க அதிகாரியாக இருந்தே ஆக வேண்டும். ஆண்டறிக்கையின் முன்பகுதியில் கம்பெனி விவரப் பக்கத்தில் பெயர் இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்த இடம் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு. அது வழக்கமாகச் செக்ரட்டரி கையெழுத்தோடுதான் வரும், பெயருக்குக் கீழே ACS அல்லது FCS என்று உறுப்பினர் எண்ணும் இருக்கும். ஆண்டறிக்கை பழையதாகிவிடும் என்பதால், அதற்குப் பிறகு ஆள் மாறியிருக்கிறாரா என்று பங்குச் சந்தைத் தளத்தில் அந்தக் கம்பெனி கொடுத்த அறிவிப்புகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பட்டியலிடாததென்றால் மாஸ்டர் டேட்டாவில் இயக்குநர்கள், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர்கள் பட்டியலில் செக்ரட்டரி இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதே தளத்தில் பொது ஆவணங்களைப் பார்க்கும் வசதி உண்டு, சிறு கட்டணம்தான். செக்ரட்டரி நியமனமும் விலகலும் DIR-12 படிவத்தில் போயிருக்கும்.

அப்புறம் ஒன்று, ஆண்டறிக்கையில் அதே பக்கத்தில் ‘பங்குப் பரிமாற்ற முகவர்’ என்று இன்னொரு முகவரி இருக்கும். அது பங்கு மாற்றம், டிவிடெண்டு விஷயங்களுக்கு. உங்கள் பாக்கித் தொகை நோட்டீஸை அங்கே அனுப்பினால் அவர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

விசாரிச்சா செக்ரட்டரியே கிடையாதுங்கறாங்க. ஏமாத்துறாங்களா?

உண்மையாகவே இருக்கலாம். முழுநேர செக்ரட்டரி வேண்டும் என்ற கட்டாயம் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள மற்ற கம்பெனிகளுக்கும்தான். நாம் நோட்டீஸ் அனுப்புகிற பிரைவேட் கம்பெனிகளில் பாதிக்கு மேல் அந்த அளவை எட்டாதவை. மூலதனம் எவ்வளவு என்பதும் மாஸ்டர் டேட்டாவிலேயே இருக்கிறது. கட்டாயம் உள்ள இடத்திலும் ஒருவர் விலகிப்போனால் இடத்தை நிரப்ப ஆறு மாதம் அவகாசம் உண்டு.

உங்களுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. வழக்கே போட்டால்கூட சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 29, விதி 2 சம்மனைச் செக்ரட்டரியிடமோ ஏதாவது ஓர் இயக்குநரிடமோ வேறு முதன்மை அதிகாரியிடமோ கொடுக்கலாம் என்கிறது, பதிவு அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம் என்கிறது. உறையில் ‘கம்பெனி செக்ரட்டரி / இயக்குநர்கள்’ என்று சாய்கோடு போட்டு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஒப்பந்தத்துல நோட்டீஸுக்குன்னு வேற முகவரி, வேற ஆள் பேரு போட்டிருக்கே. எதுக்கு அனுப்புறது?

இரண்டுக்கும். ஆனால் எது எதற்கு என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன், விலையை மாற்றுகிறேன், மத்தியஸ்தத்துக்குப் போகிறேன் என்பதெல்லாம் ஒப்பந்தம் தந்த உரிமை. அதற்கு ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும். முகவரி, யார் கவனத்துக்கு, எந்த வழியில், எத்தனை நாளில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும், யாருக்கு நகல் என்று ஐந்தும் பெரும்பாலும் அங்கே இருக்கும். நகல் அனுப்பச் சொன்ன வக்கீல் நிறுவனத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அதை வைத்தே எதிர்த் தரப்பு ‘நோட்டீஸ் முறைப்படி இல்லை’ என்று ஒரு பக்கம் எழுதிவிடுவார்கள்.

பிற்பாடு அவர்கள் முகவரி மாற்றத்தை உங்களுக்கு எழுதியிருக்கிறார்களா என்று பழைய இமெயில்களையும் தேடுங்கள். எழுதியிருந்தால் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் முகவரி போதாது. எந்தச் சூழ்நிலையிலும் பதிவு அலுவலகத்துக்கு ஒரு பிரதி சேர்த்து அனுப்பிவிடுவது என் பழக்கம். கூடுதலாக ஓர் உறை, அவ்வளவுதான் செலவு.

இமெயில்ல அனுப்பினா போதாதா? இந்தக் காலத்துல தபால் எதுக்கு?

இமெயில் கூடுதலாக அனுப்புங்கள், தபாலுக்குப் பதிலாக வேண்டாம். ஒப்பந்தம் இமெயிலை ஏற்கிறது என்றால் அதில் சொன்ன முகவரிக்கு. சொல்லவில்லை என்றால் மாஸ்டர் டேட்டாவில் இருக்கும் இமெயிலுக்கு. அது பல சமயம் கம்பெனியைப் பதிவு செய்துகொடுத்த ஆடிட்டரின் இமெயிலாக இருக்கும். அவர் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம், அதனால்தான் அதை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன்.

செக்ரட்டரியின் இமெயில் நிஜமாகவே உதவுகிற இடம் ஒன்று உண்டு. திவால் சட்டப்படி, பொருளோ சேவையோ தந்து பாக்கி வரவேண்டியவர் அனுப்பும் கோரிக்கை நோட்டீஸை, பதிவு அலுவலகத்துக்கு நேரிலோ தபாலிலோ அனுப்பலாம், அல்லது முழுநேர இயக்குநருக்கோ முக்கிய நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கோ இமெயிலில் அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. செக்ரட்டரி அந்தப் பொறுப்பாளர்களில் ஒருவர். வாடிக்கையாளர் சேவை இமெயிலுக்கு அனுப்பிவிட்டு ‘டிக்கெட் எண் வந்தது சார்’ என்று காட்டுபவர்கள் உண்டு. அது இதில் சேராது.

ஆப்ல ‘குறைதீர் அதிகாரி’ன்னு ஒருத்தர் பேரு இருக்கு. அவருக்கு அனுப்பினா கம்பெனிக்கு அனுப்பின மாதிரி தானே?

அவர் வேறு வேலைக்கு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் விற்பனை நிறுவனங்கள் குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், அவர் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் பழுது, பணம் திரும்ப வரவில்லை என்றால் முதலில் அவரிடம் போவது நல்லது, நுகர்வோர் ஆணையத்தில் அந்தக் கடிதம் பயன்படும்.

ஆனால் லீகல் நோட்டீஸ் அவருக்கு மட்டும் போனால் போதாது. பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி, அவருக்கு நகல் போடுங்கள்.

அனுப்பின கவர் திரும்பி வந்துடுச்சு. எல்லாம் வீணா?

கவரைக் கிழிக்காதீர்கள், முதலில் அதன்மேல் தபால்காரர் எழுதியதைப் படியுங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்றால் கவலையே வேண்டாம். முகவரி சரியாக இருந்து, தபால் கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே அனுமானிக்கலாம், பொது விதிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ‘கதவு பூட்டியிருந்தது, தகவல் தரப்பட்டது’ என்பதற்கும் அதே அனுமானத்தைக் கேட்கலாம். ‘இடம் மாறிவிட்டார்’, ‘முகவரி போதாது’ என்று இருந்தால் உங்கள் பக்கம் தவறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கேஸ் சொல்கிறேன். டிசைன் வேலை செய்த ஒருவர், கம்பெனி கொடுத்த செக் திரும்பிவிட்டது. வங்கியிலிருந்து அந்தத் தகவல் ஜூன் 4 அன்று வந்தது. செக் வழக்கில் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், அதாவது ஜூலை 4 வரை. அவர் பில்லின் மேல்பக்கத்தில் பெரிதாக இருந்த முகவரிக்கு ஜூன் 20 அன்று தானே அனுப்பினார். அது வாடகைக்கு மேசை தரும் இடம். ஜூன் 29 அன்று ‘இடம் மாறிவிட்டார்’ என்று கவர் வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம்தான் எங்களிடம் வந்தார். மாஸ்டர் டேட்டாவைத் திறந்தால் பதிவு அலுவலகம் வேறு ஊரில், இயக்குநர்கள் இருவர், செக்ரட்டரி இல்லை. ஜூலை 1 அன்று பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, இரண்டு இயக்குநர்களுக்கும் ஒவ்வொன்று, மாஸ்டர் டேட்டா இமெயிலுக்கு ஒன்று என்று அனுப்பினோம். பதிவு அலுவலகக் கவர் ‘வாங்க மறுத்தார்’ என்று வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. எங்கள் வக்கீலோ அந்தக் கவரை பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்.

ஒரு வாரம் தாமதித்து வந்திருந்தால் அந்த 30 நாள் போயிருக்கும். அப்போதும் செக்கின் மூன்று மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, புதிதாகத் திரும்பும் தகவலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். மிச்சமில்லை என்றால் அந்த வழி மூடிவிடும்.

இயக்குநர்கள் வீட்டுக்கும் அனுப்பணுமா? கட்டாயமா?

செக் வழக்கில் கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருந்தால் இயக்குநர்களுக்குத் தனித்தனி நோட்டீஸ் தேவையில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நாங்கள் அனுப்புகிறோம், மேலே சொன்ன கேஸில் அனுப்பியது போல. பதிவு அலுவலகத்தில் வாங்காத ஆள், வீட்டுக் கதவைத் தட்டி வந்த கவரைப் பார்த்ததும் தொலைபேசியில் பேச ஆரம்பிப்பார். அது சட்டம் இல்லை, மனித சுபாவம். ஆனால் நோட்டீஸின் தலைப்பில் கம்பெனியை விட்டுவிட்டு இயக்குநருக்கு மட்டும் அனுப்புவது பெரிய தப்பு. கடன் கம்பெனியுடையது.

மாஸ்டர் டேட்டாவுல ‘Strike Off’னு காட்டுது. ஒருத்தருக்கு ‘Under CIRP’னு காட்டுது. இப்ப யாருக்கு அனுப்புறது?

இவை இரண்டும் வேறு வேறு. பெயர் நீக்கப்பட்ட கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் என்று ஒன்று இனி இல்லை. ஆனால் இயக்குநர்கள், அதிகாரிகளின் பொறுப்பு தொடர்கிறது என்று 248ஆம் பிரிவு சொல்கிறது, எனவே நோட்டீஸ் கடைசியாகப் பதிவில் இருந்த முகவரிக்கும் இயக்குநர்களுக்கும் போகும். கம்பெனியை மறுபடி பதிவேட்டில் ஏற்றக் கேட்டு கடன்கொடுத்தவர் 20 ஆண்டு வரை கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அது வக்கீல் முடிவு செய்ய வேண்டியது.

CIRP என்றால் திவால் தீர்வு நடவடிக்கை நடக்கிறது. பழைய இயக்குநர் குழுவின் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும், நிர்வாகம் தீர்ப்பாயம் நியமித்த தீர்வு நிபுணர் கையில் இருக்கும். வழக்குகளுக்கும் தடை இருக்கும். அதனால் செக்ரட்டரிக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ibbi.gov.in தளத்தில் பொது அறிவிப்பைத் தேடி, அதில் இருக்கும் நிபுணரின் முகவரிக்கு உரிமைக் கோரிக்கைப் படிவத்தை அறிவித்த கடைசித் தேதிக்குள் அனுப்புங்கள்.

கம்பெனியே வெளிநாட்டுது. இங்கே ஆபீஸ் இருக்கு, ஆனா சொந்தக் கம்பெனி அங்கே.

முதலில் இங்கே இருப்பது தனியாகப் பதிவான இந்தியக் கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியின் கிளையா என்று பாருங்கள். தனிக் கம்பெனி என்றால் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும், ஆனால் உங்கள் ஒப்பந்தம் அதனோடா, தாய்க் கம்பெனியோடா என்பதையும் பாருங்கள். கிளை என்றால், இந்தியாவில் தன் சார்பில் நோட்டீஸ் வாங்க அதிகாரம் பெற்ற, இங்கே வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் பதிவாளரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று 380ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஆளுக்குப் போனால் போதும்.

இங்கே எதுவுமே இல்லை என்றால் அந்த நாட்டுப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். பிரிட்டனில் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் பதிவு அலுவலகமும் அதிகாரிகள் பெயரும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கேயும் பிரைவேட் கம்பெனிக்குச் செக்ரட்டரி கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் ‘ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்’ என்று சட்ட ஆவணங்களை வாங்கவே ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் மாநிலப் பதிவேட்டில் இருக்கும். கம்பெனி எந்த மாநிலத்தில் பதிவானது என்று தெரிந்துகொண்டு அங்கே தேட வேண்டும், தலைமை அலுவலகம் எந்த ஊரில் என்பது அதற்கு உதவாது.